உங்களுக்குத் தெரியுமா? வீணைக் கம்பியில் சுருதியும் உரப்பும்

"சத்தமாப் பாடு" என்று சொன்னால் குழந்தைகள் பலர் குரலைப் பெரிதாக்காமல் உயர்த்திவிடுகிறார்கள். பெரியவர்களுக்கும் இந்த இரண்டும் குழம்பும். ஒலி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது சுருதி. எவ்வளவு பலமாகக் காதில் விழுகிறது என்பது உரப்பு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வீணையைவிட நல்ல வாத்தியம் எனக்குத் தெரியவில்லை. இடக்கை மெட்டுகளின் மேல் ஓடிச் சுருதியைத் தீர்மானிக்கிறது. வலக்கை கம்பியை மீட்டி உரப்பைத் தீர்மானிக்கிறது. எனவே இந்தத் தடவை துணுக்குகள் எல்லாமே வீணையைச் சுற்றித்தான். இரண்டு கைகளின் வேலையும் ஒன்றோடொன்று கலந்துவிடும் சில விசித்திரமான இடங்களும் இதில் உண்டு.

ஒன்று தேயும், ஒன்று தேயாது

எந்த மெட்டையும் அழுத்தாமல் வீணையின் சாரணிக் கம்பியை ஒருமுறை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒலி பலமாகத் தொடங்கி, மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசியில் காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும் என்ற அளவுக்கு வந்து நின்றுபோகும். இத்தனை நேரமும் அது ஸட்ஜமாகவே இருந்தது. தேயத் தேய அது நிஷாதத்துக்கு இறங்கவில்லை. தேய்ந்தது உரப்பு, தேயாமல் நின்றது சுருதி.

வீணை 3 கட்டைச் சுருதிக்குச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சாரணி ஒரு நொடியில் ஏறக்குறைய 165 தடவை அதிர்கிறது. இந்த எண்ணிக்கைதான் அதிர்வெண். அதைக் காது சுருதியாக உணர்கிறது. மீட்டிய உடனே கம்பி சில மில்லிமீட்டர் அகலத்துக்குப் போய்வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அகலம் ஒரு மயிரிழைகூட இருக்காது. இந்த அகலத்துக்கு வீச்சு என்று பெயர். உரப்பு அதைச் சார்ந்தது. வீச்சு எவ்வளவு குறுகினாலும் நொடிக்கு 165 என்ற கணக்கு மாறுவதில்லை.

ஏன் மாறுவதில்லை?

ஊஞ்சலை மெதுவாகத் தள்ளினாலும் கொஞ்சம் பலமாகத் தள்ளினாலும் ஒரு தடவை போய்வர ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். கம்பியும் அப்படியே. இரண்டு மடங்கு தூரம் இழுத்துவிட்டால், அதைத் திரும்பத் தன் இடத்துக்குக் கொண்டுவரும் விசையும் இரண்டு மடங்காகிறது. கம்பி போக வேண்டிய தூரம் கூடிய அதே அளவுக்கு அதன் வேகமும் கூடுவதால் பயண நேரம் மாறுவதில்லை. அதனால்தான் வைணிகர் ஒரே சுரத்தை ஒருமுறை மெல்லவும் மறுமுறை ஓங்கியும் மீட்ட முடிகிறது. இந்த நியாயம் கம்பியில் இல்லாவிட்டால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வேறு சுரம் வந்து, வீணை என்ற வாத்தியமே சாத்தியமில்லாமல் போயிருக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

மெட்டுகள் ஏன் நெருங்கிக்கொண்டே போகின்றன?

வீணையின் தண்டியில் 24 மெட்டுகள். மேருவின் பக்கம் அவை தாராளமான இடைவெளியில் இருக்கின்றன. குடத்தை நோக்கி வர வர நெருங்கி, கடைசி இரண்டு மெட்டுகளுக்கு நடுவே விரலை வைப்பதே சிரமம் என்றாகிறது. அழகுக்காகச் செய்தது இல்லை. கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிப்பாகும் என்ற ஒற்றை விதியிலிருந்து வருவது இது.

மேருவிலிருந்து குதிரை வரை கம்பி 80 செ.மீ. நீளம் என்று கணக்கிடுங்கள். வெறும் கம்பி ஸட்ஜம், 165. பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தினால் அதிர்வது 40 செ.மீ. மட்டுமே. அதிர்வெண் 330, அதாவது மேல் ஸட்ஜம். அங்கிருந்து அடுத்த ஸட்ஜத்துக்கு, 660க்கு, போக மீதியிருக்கும் 40 செ.மீ.யில் பாதியைக் குறைத்தால் போதும். முதல் ஸ்தாயிக்கு 40 செ.மீ. தேவைப்பட்டது, இரண்டாவதற்கு 20 செ.மீ. போதுமானதாகிவிட்டது. ஆனால் இரண்டிலும் பன்னிரண்டு மெட்டுகள் இருந்தாக வேண்டும். அதனால் முதல் மெட்டு மேருவிலிருந்து நாலரை செ.மீ. தள்ளி உட்காருகிறது. கடைசி இரண்டுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 1.2 செ.மீ.தான்.

நடுவில் உள்ளவையும் இப்படி அழகாகக் கணக்கில் விழுகின்றன. அதிர்வது 64 செ.மீ. ஆனால் அந்தரக் காந்தாரம், மூன்றில் இரண்டு பங்கான 53 செ.மீ. சொச்சம் ஆனால் பஞ்சமம்.

ஸ்கேல் வைத்து மெட்டு வைக்க முடியுமா?

முடியாது. மேலே சொன்ன கணக்கு காகிதத்தில் மட்டுமே சரி. விரல் கம்பியை மெட்டோடு சேர்த்து அழுத்தும்போது கம்பி துளி கீழே இறங்குகிறது. இறங்கும்போது கொஞ்சம் இழுபட்டு அதன் இறுக்கம் கூடுகிறது. ஆகவே கணக்குப்படி வைத்த மெட்டில் சுரம் சற்றே ஏறி ஒலிக்கும். கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எவ்வளவு பருமன் என்பதைப் பொறுத்து இந்தப் பிழை வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும்.

அதனால்தான் மேளம் கட்டுகிறவர் காதை நம்புகிறார். மெட்டுகள் மரத்தில் ஆணி அடித்து நிறுத்தப்பட்டவை அல்ல; கரித்தூள் கலந்த மெழுகின் மேல் பதிந்தவை. மெழுகு இளகி இருக்கும்போது மெட்டை இம்மி இம்மியாக நகர்த்தி, மீட்டிக் கேட்டு, மறுபடி நகர்த்தி, சுரம் நின்ற இடத்தில் அமுக்கி விடுவார். வெயிலில் வைத்த வீணையில் மேளம் கலைந்துபோவது மெழுகு இளகி மெட்டு அசைந்துவிடுவதால்தான்.

பன்னிரண்டாவது மெட்டு சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். கம்பியின் நட்டநடுப் புள்ளியை அழுத்தாமல் விரலால் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு மீட்டி, உடனே விரலை எடுங்கள். மணி அடித்தாற்போல மேல் ஸட்ஜம் பிறக்கும். அழுத்தவே இல்லை என்பதால் இதில் இறுக்கப் பிழை கிடையாது. இப்போது அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் மெட்டு நகர்ந்திருக்கிறது.

நகராமலே ஏறும் சுரம்

வீணையின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ரிஷப மெட்டிலேயே விரலை வைத்துக்கொண்டு கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து அந்தரக் காந்தாரத்தைத் தொடுகிறார் வைணிகர். அதிரும் நீளம் ஏறக்குறைய அதேதான். ஏறியது கம்பியின் இறுக்கம். இறுக்கம் கூடினால் கம்பி விறைப்பாகி வேகமாகத் திரும்புகிறது, சுருதி ஏறுகிறது.

இதில் விரலுக்கு எவ்வளவு வேலை என்று பார்ப்போம். சாரணி 0.3 மி.மீ. பருமனுள்ள எஃகுக் கம்பி என்றால், 165இல் நிற்க அது ஏறக்குறைய 4 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான இறுக்கத்தில் இருக்கிறது. சதுசுருதி ரிஷபத்திலிருந்து அந்தரக் காந்தாரத்துக்கு அதிர்வெண் ஒன்பதில் ஒரு பங்கு ஏற வேண்டும். அதற்கு இறுக்கம் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடினால் போதும். அதாவது இன்னும் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோ கம்பியை எவ்வளவு நீட்டுகிறது என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வருகிறது. 80 செ.மீ. கம்பியில் அரை மில்லிமீட்டர் நீட்சி, ஒரு முழுச் சுரம்! வைணிகரின் இடக்கை இந்த அரை மில்லிமீட்டரைப் பல துண்டுகளாக்கி ஆளுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாகவே இருக்கிறது.

இரண்டு மடங்குக்கு நான்கு மடங்கு

சுருதியை ஒரு ஸ்தாயி ஏற்ற நீளத்தைப் பாதியாக்கினால் போதும். பிரடையைத் திருகி அதே வேலையைச் செய்வதென்றால் இறுக்கத்தை நான்கு மடங்காக்க வேண்டும். பிரெஞ்சுப் பாதிரியார் மரேன் மெர்சென் 1636இல் வெளியிட்ட நூலில் எழுதிவைத்த விதி இது. நம் சாரணிக்கு 4 கிலோ 16 கிலோவாகும். அதற்குள்ளே கம்பி அறுந்துபோவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

கீழே இறங்கவும் இதே தொல்லை. இறுக்கத்தை நாலில் ஒன்றாகத் தளர்த்தினால் கம்பி தொளதொளவென்று மெட்டுகளில் மோதி இரையும். எனவே வீணையில் வேறு வழி பிடித்திருக்கிறார்கள்: கம்பியையே கனமாக்குவது. அதே நீளம், அதே இறுக்கம் என்றால், நான்கு மடங்கு கனமான கம்பி ஒரு ஸ்தாயி கீழே பேசும். ஒரே உலோகத்தில் இரண்டு மடங்கு பருமன் என்றால் நான்கு மடங்கு கனம். மந்தரமும் அனுமந்தரமும் தடித்த கம்பிகளாக இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். தடித்த கம்பி விறைப்பாகிவிடும் என்பதால் இப்போது உள்ளே மெல்லிய கம்பி வைத்து வெளியே உலோக இழை சுற்றிய கம்பிகளும் புழக்கத்தில் உள்ளன. சுற்று இழை கனத்தைத் தரும், வளைவை அதிகம் தடுக்காது.

ஓங்கி மீட்டினால் சுருதி ஏறுமா?

விதிவிலக்கு உண்டு என்று சொன்னேனே, அது இதுதான். மெல்ல மீட்டும்வரை சுருதியும் உரப்பும் தனித்தனி. கம்பியை நாலு மில்லிமீட்டர் இழுத்து ஓங்கி அடித்தால், அந்த அகலத்துக்கு வளைவதற்கே கம்பி கொஞ்சம் நீள வேண்டியிருக்கிறது. நீட்சி இறுக்கமாகிறது. முதல் கணத்தில் 165க்குப் பதில் 166 சொச்சம் ஒலித்து, வீச்சு குறையக் குறைய 165க்கு வந்து சேரும்.

ட்யூனர் செயலியை வைத்துக்கொண்டு சுருதி சேர்ப்பவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். மீட்டியதும் முள் வலப்பக்கம் தாவி, பிறகு மெல்ல இறங்கும். தாவிய இடத்தைப் பார்த்துப் பிரடையை இறக்கிவிட்டால் சுரம் தேயும்போது கம்பி சுருதி குறைந்து கிடக்கும். சுருதி சேர்க்கும்போது வாசிக்கப்போகும் அழுத்தத்தைவிட மென்மையாக மீட்டுங்கள்; ஒரு கணம் விட்டு, முள் நிலைகொண்ட இடத்தைக் கணக்கில் எடுங்கள்.

சுருதிப் பிழை உரப்பாகக் கேட்கும் இடம்

தம்பூராவின் நடு இரண்டு கம்பிகளும் ஒரே ஸட்ஜம். ஒன்று 165இலும் மற்றது 163இலும் இருந்தால் என்ன கேட்கும்? இரண்டு தனித்தனிச் சுரங்கள் கேட்காது. காது அவ்வளவு சிறிய வித்தியாசத்தை அப்படிப் பிரிப்பதில்லை. ஒரே ஸட்ஜம்தான் கேட்கும். ஆனால் அது ஓங்கியும் ஒடுங்கியும் நொடிக்கு இரண்டு தடவை அலைபாயும்.

இரண்டு கம்பிகளின் அதிர்வும் ஒரே பக்கம் சேர்ந்து வரும் கணத்தில் காற்றில் ஒன்றை ஒன்று கூட்டிக்கொள்கின்றன, உரப்பு ஏறுகிறது. கால் நொடி கழித்து ஒன்று முன்னே போக மற்றது பின்னே போகிறது. ஒன்றை ஒன்று அழிக்கின்றன, உரப்பு இறங்குகிறது. ஏற்ற இறக்கத்தின் எண்ணிக்கை எப்போதும் இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசத்துக்குச் சமம். இதை விம்மல் என்று பாடநூல்கள் சொல்கின்றன.

சுருதி சேர்ப்பவர் செய்வதெல்லாம் இந்த விம்மலைக் கேட்டுக்கொண்டே பிரடையைத் திருப்புவதுதான். விம்மல் நொடிக்கு இரண்டு, பிறகு ஒன்று, பிறகு இரண்டு நொடிக்கு ஒன்று என்று சோம்பிச் சோம்பி, கடைசியில் அசையாமல் நின்றுவிடும். நின்ற இடம்தான் சுருதி சேர்ந்த இடம். திருப்பத் திருப்ப விம்மல் வேகமானால் தவறான பக்கம் திருப்புகிறோம் என்று பொருள். சுரஞானம் இன்னும் வராத மாணவர்கூட இந்த வழியில் மிகத் துல்லியமாகச் சேர்த்துவிடலாம். சுரத்தின் உயரத்தை அளக்கத் தெரிய வேண்டியதில்லை, ஒலி விம்முகிறதா நிலைத்து நிற்கிறதா என்று தெரிந்தால் போதும்.

மேடை விளக்கின் சூடு

கச்சேரி தொடங்கும்போது ஒன்றாக நின்ற சுருதி, விளக்கெல்லாம் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கலைவது ஏன்? எஃகு சூட்டில் விரிகிறது. கம்பி 5 டிகிரி செல்சியஸ் சூடானால் 80 செ.மீ.க்கு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நீள்கிறது. பலாமரத் தண்டி அதே வேகத்தில் சூடாவதில்லை. மரம் நீளவாக்கில் விரிவதும் குறைவு. எனவே கம்பி தளர்கிறது. இறுக்கம் நூற்றுக்கு இரண்டு குறைகிறது. 165இல் இருந்த சாரணி 163 பக்கம் வந்து நிற்கிறது. மின்னணுச் சுருதிப் பெட்டிக்கு இந்தச் சூடு ஒன்றும் செய்யாது. அது 165இலேயே ஒலிக்க, வீணை அதனோடு நொடிக்கு இரண்டு தடவை விம்முகிறது. மேடையில் உருப்படிக்கு உருப்படி கம்பிகளைத் தட்டிப் பார்க்கிறார்களே, அது வெறும் பழக்கம் அல்ல.

கம்பி ஊமை

0.3 மி.மீ. கம்பியை இரண்டு கனமான கருங்கற்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அவ்வளவு மெல்லிய பொருளால் காற்றைத் தள்ள முடியாது. காற்று கம்பியைச் சுற்றி மறுபக்கம் வழுக்கிப் போய்விடும். நம் காதில் விழுவது குடத்தின் ஒலி. கம்பியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தின் மேல்பலகைக்குப் போகிறது. பலகை கண்ணுக்குத் தெரியாத அளவே அசைகிறது என்றாலும், அகலமான பரப்பு என்பதால் காற்றை நன்றாகத் தள்ளுகிறது. சுருதியைக் கம்பி நிர்ணயிக்க, உரப்பைக் குடம் வெளியே கொண்டுவருகிறது.

ஆனால் குடம் எந்த ஆற்றலையும் புதிதாக உண்டாக்குவதில்லை. விரல் கம்பியில் ஏற்றிவைத்த ஆற்றல் எவ்வளவோ அவ்வளவுதான் இருப்பு. பலகையை மெல்லியதாக்கினால் ஒலி பலமாக வரும், ஆனால் இருப்பு சீக்கிரம் தீர்ந்து சுரம் சட்டென்று அவியும். கனமாக்கினால் ஒலி அடக்கமாக வரும், நீண்ட நேரம் நிற்கும். ஒரே மீட்டில் நாலைந்து சுரங்களை இழுத்துக் காட்டும் வாத்தியத்துக்கு நீடிப்பு முக்கியம். வீணை இயல்பாகவே அடங்கிய குரலில் பேசுவதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த அடக்கம்தான் கமகத்துக்கான நேரத்தை வாங்கித் தருகிறது என்பது என் கட்சி.

பத்து வீணை சேர்ந்தால் பத்து மடங்கு கேட்குமா?

கேட்காது. ஏறக்குறைய இரண்டு மடங்குதான் கேட்கும். காற்றில் வரும் ஆற்றல் பத்து மடங்கானால் அதை 10 டெசிபெல் உயர்வு என்கிறோம். மனிதக் காது அதைச் சுமார் இரட்டிப்பு உரப்பாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது வீணை வந்து சேர்ந்ததும் உயர்வது 3 டெசிபெல் மட்டும்; வித்தியாசம் தெரியும், அவ்வளவே. ஆற்றல் எத்தனை முறை பெருகியது என்பதைத்தான் காது பார்க்கிறது, எவ்வளவு கூடியது என்பதை அல்ல. சிற்றெறும்பளவு ஒலியிலிருந்து இடி வரைக்கும் ஒரே உறுப்பால் கேட்டாக வேண்டுமே.

இது வலக்கைக்கும் பொருந்தும். ஒரு சுரம் முந்தையதைவிட இரண்டு மடங்கு பலமாகக் கேட்க வேண்டுமானால் கம்பியை இரண்டு மடங்கு இழுத்தால் போதாது. மூன்று மடங்குக்கும் சற்று மேலே இழுக்க வேண்டும். முன்பே பார்த்தபடி, அவ்வளவு இழுத்தால் சுருதி தாவத் தொடங்கும். வீணையின் உரப்பு எல்லையை ஒருபக்கம் காதும் மறுபக்கம் கம்பியும் சேர்ந்து வரைந்துவிடுகின்றன.

எங்கே மீட்டுகிறோம் என்பதும் கணக்கு

அதே மெட்டு, அதே அழுத்தம். வலக்கையைக் குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மீட்டினால் ஒலி கூர்மையாக முன்னே வந்து நிற்கும்; சற்றுத் தள்ளி மீட்டினால் உருண்டையாக, அடங்கி ஒலிக்கும். இரண்டிலும் சுருதி ஒன்றே.

கம்பி முழுசாக அதிரும்போதே இரண்டு பாதிகளாகவும், மூன்று துண்டுகளாகவும், நான்காகவும்கூட அதிர்ந்துகொண்டிருக்கிறது. 165உடன் 330, 495, 660 என்று மேற்சுரங்கள் அடுக்கடுக்காக ஒலிக்கின்றன. குதிரையோரம் மீட்டினால் மேல் அடுக்குகள் வலுப்படுகின்றன. மனிதக் காதுக்கு மிகக் கூர்மை 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான வட்டாரத்தில். அதனால் அந்த அடுக்குகளுக்குப் போகும் கொஞ்ச ஆற்றலும் காதில் பெரிதாகப் படுகிறது.

இந்த மேற்சுரங்களில்தான் சி.வி. ராமன் ஒரு புதிரைக் கண்டார். கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளி அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது தாமஸ் யங் காலத்து விதி. நடுவில் மீட்டினால் 330, 660 எல்லாம் வரக் கூடாது. கூர்மையான விளிம்புள்ள குதிரையில் அப்படியே நடக்கும். வீணையிலும் தம்பூராவிலும் அந்த மேற்சுரங்கள் பலமாகவே ஒலிப்பதைக் காட்டி ராமன் 1921இல் கட்டுரை வெளியிட்டார். காரணம் குதிரை. வீணைக் குதிரையின் மேல் உள்ள உலோகத் தகடு மெல்லிய வளைவு கொண்டது. கம்பி ஒவ்வொரு அதிர்விலும் அந்த வளைவில் படிந்தும் விலகியும் ஆடுகிறது. ஒவ்வொரு படிதலும் கம்பியை மறுபடி மறுபடி லேசாகத் தட்டுவதால், இல்லாத அடுக்குகள் திரும்பப் பிறக்கின்றன. தம்பூராவில் இதே வேலையைச் செய்வதற்குத்தான் கம்பிக்கு அடியில் ஜீவா என்ற நூல் செருகப்படுகிறது. நூலை ஒரு நெல் அகலம் நகர்த்தினாலே தம்பூரா ரீங்கரிப்பதும் மூடிக்கொள்வதும் மாறி மாறி நடக்கும்.

இல்லாத சுரத்தைக் கேட்கும் காது

வீணையில் மிகக் கீழே பேசும் கம்பி அனுமந்தரம். 3 கட்டைச் சுருதியில் அது 62 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும் பஞ்சமம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட வரைபடங்கள், இவ்வளவு கீழே காது எவ்வளவு மந்தம் என்பதை எடுத்துக் காட்டின. நடுத்தரச் சுருதியில் ஓர் ஒலி காதில் படுவதற்குத் தேவையானதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு ஆற்றல் இருந்தால்தான் 62 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கவே தொடங்கும். ஒரே வீச்சில் மீட்டினாலும் மேல் கம்பி பலமாகவும் கீழ் கம்பி மெலிதாகவும் தோன்றுவதில் காதின் பங்கும் உண்டு.

இதைவிட ஆச்சரியம் ஒன்று. அந்த அனுமந்தர பஞ்சமத்தைக் கைபேசியில் பதிவுசெய்து, அதே கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். அந்த ஸ்பீக்கரால் 62 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. 124 வருவதும் அரிது. இருந்தும் ஒலி மெலிதாக, வற்றலாகக் கேட்குமே தவிர, சுரம் ஒரு ஸ்தாயி மேலே தாவுவதில்லை. அதே கீழ் பஞ்சமம்தான்.

வந்து சேர்ந்தவை 248, 310, 372, 434 போன்ற மேல் அடுக்குகள் மட்டும். அவற்றுக்கு நடுவே எங்கும் ஒரே இடைவெளி, 62. அந்த ஒழுங்கை வைத்து, வராத அடிச்சுரத்தின் சுருதியைக் காதும் மூளையும் சேர்ந்து அமைத்துக்கொள்கின்றன. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆகஸ்ட் சீபெக் 1841இல் துளையிட்ட சுழல் தட்டுகளில் காற்றை ஊதி இதைக் கண்டபோது பெரிய விவாதமே நடந்தது. பழைய தரைவழித் தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பியதில்லை. ஆண் குரலின் அடிச்சுரம் 120 பக்கம் இருப்பது. அப்பாவின் குரல் அதில் அப்பாவின் குரலாகவே கேட்டதற்கும் இதே காரணம்தான்.